கண்ணில் தேன், பன்னீர், பச்சிலைச் சாறு: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை வட்டாரத்தில் 27 ஆண்டுகள் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவன் நான். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊர் ஊராகப் போட்ட கண் முகாம்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். அறுவடைக் காலத்தில் நெல் உமி பட்டு வரும் கண்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். நான் பார்த்த வரையில் வீட்டு வைத்தியத்தால் போன கண்களில் பெரும்பாலானவை அப்படித்தான் போயின.

எங்கள் அப்பத்தா வாராவாரம் கண்ணில் தேன் விட்டுக்கொள்வார்கள். தொண்ணூறு வயது வரை நன்றாகத்தானே பார்த்தார்கள்?

பார்த்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கண்ணைக் காப்பாற்றியது தேன் இல்லை, கருவிழியின் மேல்தோல்.

கருவிழி என்பது கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடி போல இருக்கும் பகுதி. அதன் மொத்தத் தடிமனே நடுவில் அரை மில்லிமீட்டர்தான். அதில் மேல்தோல் பத்தில் ஒரு பங்குகூட முழுசாக வராது. அந்த மெல்லிய தோல் கிழியாமல் இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழைய முடியாது. அதோடு, கண்ணில் எதை விட்டாலும் கண்ணீர் அதைச் சில நிமிடங்களில் மூக்குக்குள் வடித்துவிடும். சொட்டு மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பது அதனால்தான். ஆக, அப்பத்தாவின் கண்ணில் விழுந்த தேன் நல்லதும் செய்யாமல், பெரிய கெடுதலும் செய்யாமல் வடிந்துபோயிருக்கும்.

அதே தேன், மேல்தோலில் ஒரு கீறல் இருக்கும் நாளில் விழுந்தால் கதை வேறு. அப்படிக் கண் போனவர்களைப் பற்றி யாரும் 'தேன் விட்டதால் போச்சு' என்று சொல்வதில்லை. 'பூ விழுந்துடுச்சு' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். என் அம்மாச்சிக்கு வலது கண்ணில் பூ இருந்தது. சின்ன வயதில் அம்மை வார்த்ததால் வந்தது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். நான் இந்த வேலைக்குப் படித்துவிட்டு வந்து ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்டபோதுதான், கதிர் அடிக்கையில் ஏதோ பட்டதையும், பத்து நாள் தும்பைப்பூச் சாறு விட்டதையும் சொன்னார்கள்.

தேன் எத்தனை வருஷமானாலும் கெடாது என்கிறார்களே, கெடாத பொருளில் கிருமி எப்படி இருக்கும்?

தேன் கெடாமல் இருப்பது உண்மை. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் 20 சதவீதத்துக்கும் கீழே. போதாததற்குப் புளிப்புத்தன்மையும் உண்டு. அந்த இடத்தில் கிருமி வளர முடியாது. ஆனால் வளராமல் இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு. சில பாக்டீரியாக்கள் விதை போல ஓடு கட்டிக்கொண்டு தேனுக்குள் உறங்கிக் கிடக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில்கூடத் தேன் தடவக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கண்ணில் விழுந்ததும் தேன் கண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகிறது. கிருமியைத் தடுத்து வைத்திருந்த கெட்டித்தன்மை அங்கேயே போய்விடும். சரி, அப்புறம் நாம் தேன் விடும் விதத்தையும் பாருங்கள். சமையல்கட்டில் ஆறு மாதமாகத் திறந்து மூடிய பாட்டில், அதில் விட்ட கரண்டி, அந்தக் கரண்டியிலிருந்து தொட்டு எடுத்த விரல். சில வீடுகளில் கோழி இறகால் தொட்டுக் கண்ணுக்குள் இழுப்பார்கள். அந்த இறகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் ஆஸ்பத்திரியில் தேன் போடுகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அது காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கிய தேன். மலைத்தேன் என்று சொல்லிப் பாட்டிலில் அடைத்துத் தருகிறார்களே, அது இல்லை.

தேன் விட்டவுடன் எரியும், நீராகக் கொட்டும், அப்புறம் பளிச்சென்று தெரியும். அழுக்கு வெளியே வந்ததால்தானே?

எரிவது கருவிழி வலிக்கிறது என்று சொல்வது. உடம்பிலேயே வலி நரம்புகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழி ஒன்று. நம் கண்ணீர் ஏறக்குறைய நடுநிலையானது, தேன் புளிப்பானது. மேலும் அவ்வளவு சர்க்கரை மேலே படும்போது, மேல்தோலின் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுவது போலத்தான். அதனால் கண் தன்னைக் கழுவிக்கொள்ள நீரைக் கொட்டுகிறது.

அந்த நீர் கருவிழியின் மேல் வழவழவென்று படர்ந்து நிற்கும் கொஞ்ச நேரம் பார்வை தெளிவாகத்தான் இருக்கும். கண் வறட்சி உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வெங்காயம் நறுக்கி அழுத பிறகும் இதே தெளிவு வரும். அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

கதிர் அடிக்கையில் கண்ணில் உமி விழுந்துவிட்டது. நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டால் குளிர்ச்சிதானே?

விடாதீர்கள். ஏன் என்று ஒருவரின் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

புதுவயலுக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பத்தாறு வயதுப் பெண். தை மாதக் கடைசி, களத்தில் நெல் தூற்றும்போது வலது கண்ணில் உமி விழுந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தார். உமி வந்துவிட்டது, ஆனால் உறுத்தல் நிற்கவில்லை. உமியின் ஓரம் ரம்பம் போல இருக்கும். அது இமைக்கும் கருவிழிக்கும் நடுவே நகரும்போது மேல்தோலை இழுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் அது ஒரு கீறல் மட்டும்தான். சும்மா விட்டிருந்தாலே இரண்டு மூன்று நாளில் தோல் மூடியிருக்க வாய்ப்பு உண்டு.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஆச்சி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி, தாய்ப்பால் இரண்டு சொட்டுக் கலந்து, துணியில் பிழிந்து விட்டார்கள். அன்பினால் செய்ததுதான். மறுநாள் கண் சிவந்திருந்தது. இரவு தேன். நான்காம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்காரர் மருந்துக்கடையில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிவந்தார். விட்டதும் சிவப்பு குறைந்தது, வலியும் குறைந்தது. எல்லோருக்கும் நிம்மதி. ஒன்பதாம் நாள், கருப்பு முழியில் அரிசி நொய் போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது, பார்வை மங்கியது. பதினோராம் நாள்தான் என்னிடம் வந்தார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். வெண்சாம்பல் நிறத்தில் ஒரு புண். ஓரம் கத்தரித்தது போல இல்லாமல், பஞ்சு பிரிந்தது போல இழை இழையாக இருந்தது. பக்கத்தில் தனியாக இரண்டு சின்னப் புள்ளிகள். கருவிழிக்குப் பின்னால், கீழே, மெல்லிய சீழ்க்கோடு. பூஞ்சைப் புண்ணுக்கு இவை எச்சரிக்கையான அடையாளங்கள். பையிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. நான் எந்த மருந்தும் விடவில்லை, கட்டும் போடவில்லை. கண்ணின் மேல் அழுத்தாத ஒரு மூடியை மட்டும் ஒட்டி, அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

அங்கே புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் பூஞ்சை இழைகள் இருந்தன. ஸ்டீராய்டை நிறுத்தினார்கள். நாட்டாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்து, 5 சதவீதம், முதலில் மணிக்கு ஒரு தடவை. பிறகு மெல்ல மெல்ல இடைவெளி கூட்டி, இரண்டு மாதத்துக்கு மேல் விட்டார்கள். புண் ஆறியது, கண்ணும் தங்கியது. ஆனால் கண்பாப்பாவுக்கு நேராக வெள்ளைத் தழும்பு. அந்தக் கண்ணால் இரண்டு மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ண முடியும், அவ்வளவுதான்.

பூஞ்சை உமியோடு வந்ததா, பூவோடு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. வயல் தூசியிலும் உமியிலும் அது இருக்கிறது. இலையிலும் பூவிலும் இருக்கிறது. ஆனால் கீறல் திறந்திருந்த அந்த முதல் மாலையில், கழுவாத பூவின் சாற்றைக் கிழிந்த தோலின் மேலேயே விட்டார்கள் என்பது நிச்சயம். மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய முதல் நான்கு நாளும் 'விட்டிருக்கோமே, பார்ப்போம்' என்று காத்திருந்ததிலேயே போனது. என்னைக் கேட்டால், சாறு செய்யும் பெரிய கெடுதல் இந்தக் காத்திருப்புதான்.

நந்தியாவட்டைக் காம்பை ஒடித்தால் பால் வடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூவைக் கசக்கும்போது அந்தப் பாலும் கொஞ்சம் சேர்ந்தே வரும்.

ஒரு சின்ன உமி கண்ணையே பறிக்குமா? கொஞ்சம் அதிகப்படியாகச் சொல்கிறீர்களோ?

1994இல் மதுரையில் மூன்று மாதத்துக்குள் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்து எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் முன்பே ஏதோ அடி அல்லது கீறல் பட்டிருந்தது. கிருமி வளர்த்துப் பார்த்ததில் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குப் பூஞ்சை மட்டுமே காரணம். குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் இவ்வளவு கிடையாது. நம் வெயிலும் வயல் வேலையும் சேர்ந்த இடத்தில் அது சகஜம். நமக்கு அரிசி ஆலையும் களமும் வேறு பக்கத்திலேயே இருக்கின்றன.

மேல்தோல் மட்டும் கீறினால் தழும்பில்லாமல் ஆறும். புண் அதைத் தாண்டி உள்ளே இறங்கினால் ஆறிய இடம் வெள்ளையாகத்தான் ஆறும். பூ விழுவது என்று நாம் சொல்வது அந்தத் தழும்பைத்தான். எந்தச் சாறாலும் தேனாலும் அதைக் கரைக்க முடியாது. பிறகு யாரோ ஒருவர் இறந்தபின் தானம் தரும் கருவிழியை வைத்துத் தைப்பது ஒன்றுதான் வழி. பூஞ்சையால் கெட்ட கண்ணில் அது ஒட்டுமா என்பதும் உறுதி இல்லை.

சரி, உமி விழுந்தால் அந்த நேரத்தில் என்னதான் செய்வது?

கசக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குடிக்கிற தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து, தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்து வைத்து மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. ஊருணித் தண்ணீரும் மோட்டார் தொட்டித் தண்ணீரும் வேண்டாம். பெரும்பாலும் உமி அதிலேயே வந்துவிடும்.

வரவில்லை என்றால் சேலைத் தலைப்பு, பஞ்சு, தீக்குச்சி, நாக்கு எதுவும் வேண்டாம். நாக்கால் நக்கி எடுப்பதில் கைதேர்ந்தவர்கள் இன்னமும் சில ஊர்களில் இருக்கிறார்கள். வாயில் இருக்கும் கிருமிகளைக் கீறலில் கொண்டுபோய் வைப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

உமி வந்த பிறகும் உறுத்தல் நீடித்தால், அல்லது நீர் வடிவது நிற்காவிட்டால், கீறல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, தவறினால் மறுநாள், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காரைக்குடியில் கண் மருத்துவரிடமோ காட்டுங்கள். மதுரை மாவட்டக் கிராமங்களிலேயே செய்துபார்த்த விஷயம் இது: கீறல் பட்ட 48 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் களிம்பு போட்டதில், ஏறக்குறைய எல்லோருக்குமே புண் வராமல் ஆறியது. மலிவான களிம்பு, மூன்று நாள், முடிந்தது வேலை. அதே கண் பதினோராம் நாள் வந்தால் இரண்டு மாதம்.

கீறல் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டு ஒன்றை நனைத்துக் கீழிமைக்குள் தொடுவோம். ஃப்ளூரசின் என்ற சாயம் அது, எரியாது. பிறகு நீல விளக்கில் பார்த்தால், தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக மின்னும். எவ்வளவு பெரிய கீறல், எங்கே இருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் கண்ணாடியில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மேலிமையையும் திருப்பிப் பார்ப்போம். உமித் துணுக்கு அதற்கு அடியில் ஒட்டிக்கொண்டு, கண் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியைக் கீறிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

புண் ஆகிவிட்டது என்பது நமக்கே தெரியுமா?

சாதாரணக் கீறல் நாளுக்கு நாள் தேற வேண்டும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருந்தால் அதுவே அடையாளம். வெளிச்சத்தில் கண் கூசித் திறக்க முடியாமை, பார்வை மங்கல், பீளை, கருப்பு முழியில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு வெள்ளைப் புள்ளி. இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும்.

பூஞ்சைப் புண் மெதுவாக வளரும். முதல் சில நாள் பெரிய வலியே இருக்காது. வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். பாக்டீரியாப் புண் இதற்கு நேர்மாறு. சில வகைகள் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும்.

புண்ணைச் சுரண்டுவார்கள் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுவிட்டுத்தான் செய்வார்கள். தொடுவது தெரியும், வலிக்காது. பூஞ்சையா பாக்டீரியாவா என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக இருக்கும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

சுரண்டப் போகும் நாளில் ஒன்று மட்டும் மறைக்காதீர்கள். என்னென்ன விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால், தேன், பால், பூச்சாறு, கடைமருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். பாட்டிலையும் கொண்டுபோங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை, அந்தத் தகவல் வைத்தியத்தின் பாதையையே மாற்றும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து, சாறைவிடப் பாதுகாப்புதானே?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பையும் வலியையும் அன்றைக்கே குறைக்கும். அதனால் நல்ல பெயர் வாங்கிவிடும். ஆனால் உடம்பின் எதிர்ப்பை அது அடக்கிவைக்கும்போது, பூஞ்சை தடையில்லாமல் உள்ளே இறங்கும். மேலே சொன்ன பெண்ணுக்கு ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் நடந்தது அதுதான். டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று பெட்டியில் இருந்தால் அது ஸ்டீராய்டு. வேறொருவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக்கொடுத்து மிச்சமிருக்கும் பாட்டில்களிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கண்ணில் ஏதாவது பட்ட பிறகு டாக்டர் பார்க்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

பன்னீர் தூய்மையானதுதானே? ரோஜாப்பூவைக் காய்ச்சி வடித்தது.

காய்ச்சி வடிக்கும் நேரத்தில் தூய்மையாக இருந்திருக்கலாம். பிறகு அது பெரிய கேனில் நின்று, பாட்டிலில் அடைபட்டு, கடையில் வெயில் காய்ந்து, வீட்டில் திறந்து திறந்து மூடப்பட்டுத்தான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. கல்யாண வீட்டில் தெளிக்கவும் முகத்தில் தடவவும் செய்த பொருள் அது. பல பாட்டில்களில் வாசனைத் திரவியமும் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமும் வெறும் தண்ணீரும்தான் இருக்கும்.

தேனிலாவது கிருமி வளராது. பன்னீர் ஏறக்குறைய தண்ணீர். ஈரத்தில் பெருகும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவுக்கு அது போதும். ஓரிரு நாளில் கருவிழியைக் கரைப்பவை என்று சொன்னேனே, அவற்றில் இது முக்கியமானது. கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைகள் பன்னீரை அண்டவே கூடாது. லென்ஸுக்கு அடியில் அது தங்கிவிடும்.

கிருமி நீக்கித் தயாரித்து, மூடி முத்திரையிட்ட கண் சொட்டு மருந்தையே திறந்த ஒரு மாதத்தில் தூக்கிப் போடச் சொல்கிறோம். பன்னீர்ப் பாட்டிலை எத்தனை மாதம் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

கண் களைப்பாக இருந்தால், இமையை மூடிக்கொண்டு மேலே குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை வையுங்கள். குளிர்ச்சி வேண்டுமென்றால் அதில் கிடைக்கிறது, கண்ணுக்குள் எதுவும் போகவில்லை.

மெட்ராஸ் ஐ வந்தபோது தாய்ப்பால் விட்டோம், ஒரு வாரத்தில் போய்விட்டதே?

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. எதுவும் விடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். அந்த ஒரு வாரத்தில் தாய்ப்பால் விட்டவர் தாய்ப்பாலைச் சொல்வார், இளநீர் விட்டவர் இளநீரைச் சொல்வார். பிள்ளைக்குக் கொடுக்கும் பால் பிள்ளையின் வயிற்றுக்கு அமிர்தம். கண்ணில் அது கிருமிக்கும் சாப்பாடு.

பிறந்த குழந்தைக்குக் கண்ணில் பீளை தள்ளினால், பாலோ எண்ணெயோ விடாமல் அன்றே காட்டுங்கள். முதல் மாதத்தில் வரும் சில தொற்றுகள் சில நாளிலேயே பார்வையைக் கெடுக்கக்கூடியவை.

தேன் விட்டால் புரை கரையும் என்கிறார்களே?

கரையாது. புரை விழுவது கருவிழிக்கும் கண்பாப்பாவுக்கும் பின்னால், உள்ளே இருக்கும் லென்ஸில். மேலே விடும் தேன் அங்கே போகவே போகாது. ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு 'கொஞ்ச நாள் தேன் விட்டுப் பார்க்கிறேன்' என்பவர்களுக்கு நான் சொல்வது: ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுகூடப் பெரிய தப்பில்லை, ஆனால் அந்தக் கண்ணில் எதையும் விடாதீர்கள். கண் அழுத்தத்துக்கு மருந்து விடுபவர்கள் அதை நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறினால் ஆபத்து இன்னும் பெரிது. கண் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது.

வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு வேலை நடக்கிறது. சுண்ணாம்பு தெறித்தால் விளக்கெண்ணெய் விடலாமா?

கூடாது. பழைய வளவு வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை நம் பக்கம் நிறைய நடப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பு காரம், நொடிக்கு நொடி உள்ளே இறங்கும். எண்ணெய், தேன், எலுமிச்சை எதையும் தேட வேண்டாம். எந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதோ அதை, குழாய்த் தண்ணீரானாலும் சரி, உடனே ஊற்றிக் கழுவத் தொடங்குங்கள். உமிக்குச் சொன்ன நிபந்தனை இங்கே கிடையாது. குறைந்தது அரை மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்து. கட்டி ஒட்டியிருந்தால் அது போகும்வரை இமைக்கு உள்ளேயும் தண்ணீர் படவேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டோ. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை அழுத்தி விளையாடும் பிள்ளைகளுக்கும் இதேதான்.

எருக்கம்பால் பட்டுவிட்டது. வலி இல்லை, விட்டுவிடலாமா?

கூடாது. எருக்கம்பால் கருவிழியின் உள்பக்கத்துச் செல்களைத் தாக்கும். வலி அதிகமில்லாமலேயே பார்வை புகை மூட்டமாகும். நன்றாகக் கழுவிவிட்டு அன்றே காட்டுங்கள். கள்ளிப்பாலுக்கும் அப்படியே, அதில் வலியும் சேர்ந்துகொள்ளும்.

சித்த மருத்துவத்தில் கண்ணுக்குச் சொட்டு மருந்து இருக்கிறதே, அதையும் தப்பு என்கிறீர்களா?

படித்த சித்த மருத்துவர் கண்ணைப் பார்த்து, உரிமம் பெற்ற கூடத்தில் கிருமி நீக்கித் தயாரித்த சொட்டு மருந்தை எழுதிக்கொடுப்பதும், வேலியில் பறித்த இலையைத் துணியில் பிழிவதும் ஒன்றல்ல. என் சண்டை இரண்டாவதோடு. ஆனால் உமி, முள், இலை ஏதாவது பட்ட கண்ணாக இருந்தால், முதலில் சாயம் போட்டு நீல விளக்கில் பார்க்கும் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். எந்த வைத்தியமானாலும் அதற்குப் பிறகு.

பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் கண்ணுக்கு நல்லதுதான், பொரியலாக.

நேற்று இரவு தேன் விட்டுவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

கண்ணைச் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். இனி விடாதீர்கள். கண்ணில் முன்பே ஒன்றும் பட்டிருக்கவில்லை, இன்று உறுத்தலோ சிவப்போ மங்கலோ இல்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இவற்றில் எது இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சீக்கிரம். அவர்களுக்குக் கருவிழிப் புண் ஆற நாளாகும்.

நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். அதையும் விடச் சொல்வீர்களா?

எதற்கு விட வேண்டும்? கண்ணுடைய நாயகியிடம் வேண்டிக்கொள்ளுங்கள், கண்மலர் சாத்துங்கள். என் அம்மாவும் எனக்காகச் செய்திருக்கிறார்கள். தீர்த்தத்தை வாயில் விட்டுக்கொள்ளுங்கள், புண் உள்ள கண்ணில் மட்டும் தெளிக்காதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கோவிலுக்குப் போனாலும் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் ஆச்சி கேட்கமாட்டார்கள். பிள்ளைக்குக் கண்ணில் தூசி விழுந்தால் உடனே செடியைத் தேடிப் போவார்கள். எப்படிச் சொல்வது?

'தப்பு' என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அந்தக் கையில் வேறு வேலையைக் கொடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு சுத்தமான செம்பில் மூடி வைக்கச் சொல்லுங்கள். கண்ணில் ஏதாவது விழுந்தால் பிள்ளையின் தலையைப் பிடித்துக் கழுவிவிடும் பொறுப்பு ஆச்சியுடையது என்று வைத்துவிடுங்கள். கண்டனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இப்படிச் செய்துகொடுத்தேன். அடுத்த அறுவடையில் பேரனை என்னிடம் அழைத்து வந்தது அந்த ஆச்சிதான். 'கழுவியாச்சு, இன்னும் உறுத்துதாம், அந்தப் பச்சை விளக்கைப் போட்டுப் பாருங்க தம்பி' என்றார்கள். விளக்கு நீலம்தான். போட்டுப் பார்த்தேன். கடுகளவு கீறல். மூன்று நாள் களிம்பில் ஆறிவிட்டது.